புளூடூத்தில் ஆங்கிலம் வருகிறது, தமிழ் வரவில்லை: போனைக் கீபோர்டாக்கும் இரண்டு வழிகள்

கேள்வி: "கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்து வைத்திருக்கிறேன். போனையே மௌஸ், கீபோர்டாக வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு ஆப் போட்டுப் பார்த்தேன். புளூடூத் ஆப்பில் ஆங்கிலம் அடிக்க முடிகிறது, தமிழ் அடித்தால் ஒன்றுமே வருவதில்லை. வைஃபை ஆப்பில் தமிழ் வருகிறது, ஆனால் பாஸ்வேர்டு கேட்கும் திரையில் அது அசைவதே இல்லை. எதில் கோளாறு? எதை வைத்துக்கொள்வது?"

இரண்டிலும் கோளாறு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு ஆப்பும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தெரியும், உள்ளே அவை வேறு வேறு. புளூடூத் ஆப் உங்கள் போனை உண்மையாகவே ஒரு கீபோர்டாக மாற்றிவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு அது போன் என்றே தெரியாது. வைஃபை ஆப் அப்படியல்ல. அது கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலுக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த நிரல்தான் உங்களுக்குப் பதிலாக எழுத்தைப் போடுகிறது, கர்சரை நகர்த்துகிறது. நீங்கள் சொன்ன இரண்டு குறையும் இந்த ஒரே வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன. கூட்ட அரங்குகளில் கம்ப்யூட்டரும் திரையும் அமைத்துக் கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இதே கேள்வி திரும்பத் திரும்ப வரும், நான் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் பயன்படுத்துங்கள்.

முதலில் தமிழ் ஏன் வரவில்லை என்று பார்க்கலாம். கீபோர்டு எதுவும் எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது. யுஎஸ்பி கீபோர்டானாலும் புளூடூத் கீபோர்டானாலும் பொதுவாக ஒரே எண் அட்டவணைதான். அதில் a விசைக்கு எண் 4, k விசைக்கு 14, q விசைக்கு 20. ஒவ்வொரு முறையும் வழக்கமாக 8 பைட் கொண்ட ஒரு சிறு தகவல் போகும். முதல் பைட்டில் ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவை அழுத்தப்பட்டிருக்கின்றனவா என்ற குறிப்பு, அடுத்த பைட் காலி, மீதி ஆறில் அழுத்திய விசைகளின் எண்கள். அந்த எண்ணை எந்த எழுத்தாக்குவது என்பதைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர்தான். அதில் எந்த மொழியின் விசை அமைப்பு தேர்வாகியிருக்கிறதோ, அதற்கேற்ற எழுத்து திரையில் விழும்.

இப்போது நீங்கள் போனில் தமிழ் கீபோர்டைத் திறந்து "அ" அடிக்கிறீர்கள். புளூடூத் ஆப்புக்குக் கிடைப்பது "அ" என்ற யூனிகோடு எழுத்து. அதை விசை எண்ணாக மாற்ற அட்டவணையைப் பார்த்தால் அங்கே "அ" இல்லை, இருக்கவும் முடியாது. அது விசைகளின் அட்டவணை, எழுத்துகளின் அட்டவணை அல்ல. அதனால் பெரும்பாலான ஆப்கள் அந்த எழுத்தைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். நீங்கள் பார்க்கும் "ஒன்றுமே வருவதில்லை" என்பது இதுதான். வேறு ஆப் மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. இந்த வழியில் போகும் எந்த ஆப்புக்கும் இதே எல்லைதான்.

அதற்காகப் புளூடூத்தில் தமிழே அடிக்க முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். தமிழைப் போனில் வைக்காமல் கம்ப்யூட்டரில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் தமிழ்99 அமைப்பைச் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். போனில் ஆங்கிலக் கீபோர்டு இருக்கட்டும். போனில் a, k, k, q என்று நான்கு விசைகளைத் தட்டினால் கம்ப்யூட்டருக்குப் போவது 4, 14, 14, 20 என்ற எண்கள். தமிழ்99-இல் a இடத்தில் அ, k இடத்தில் ம, q இடத்தில் ஆ. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதற்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆக டிவித் திரையில் "அம்மா" என்று விழும். போனின் திரையில் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும் என்பதால், தமிழ்99 மனப்பாடமாக இருப்பவர்களுக்குத்தான் இது ஒத்துவரும்.

ஒலிப்பு முறையில் அடித்துப் பழகியவர் என்றால் இன்னொன்று இருக்கிறது. விண்டோஸ் 10-இல் 2019 மே அப்டேட்டிலிருந்து தமிழுக்கும் ஒலிப்பு முறை விசைப்பலகை சேர்ந்தே வருகிறது. அமைப்புகளில் தமிழை மொழியாகச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளில் Phonetic என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். போனில் vanakkam என்று அடித்தால் கம்ப்யூட்டரே "வணக்கம்" ஆக்கித் தரும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும். அந்த விண்டோஸ் விசை உங்கள் ஆப்பில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் போனில் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் vanakkam என்பதை அது ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லாகத் திருத்தி அனுப்பும்.

இதே காரணத்தால் வரும் இன்னொரு சிக்கல் பாஸ்வேர்டில் தெரியும். பாஸ்வேர்டு சரியாகத்தான் அடித்திருக்கிறேன், ஆனால் தவறு என்கிறது என்று பலர் சொல்வார்கள். புளூடூத் ஆப் வழக்கமாக அமெரிக்க அமைப்பை மனதில் வைத்து, @ வேண்டும் என்றால் ஷிஃப்டோடு 2 என்று அனுப்பும். கம்ப்யூட்டரில் பிரிட்டன் ஆங்கில அமைப்பு இருந்தால் அதே விசைகள் இரட்டை மேற்கோள் குறியைக் கொடுக்கும். பாஸ்வேர்டுப் பெட்டியில் புள்ளிகள்தானே தெரியும், என்ன விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நோட்பேடைத் திறந்து @, ", # மூன்றையும் ஒருமுறை அடித்துப் பாருங்கள். மாறி வந்தால் கம்ப்யூட்டரின் அமைப்பையோ ஆப்பின் அமைப்பையோ மாற்றி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். தமிழ் அமைப்பைச் சேர்த்த பிறகு லாகின் திரையிலும் இதைக் கவனியுங்கள். கீழே வலது மூலையில் எந்த மொழி தேர்வாகியிருக்கிறது என்று காட்டும், அது ஆங்கிலமாக இருக்க வேண்டும்.

வைஃபை ஆப்பில் இந்தத் தொல்லை எதுவும் இல்லாததற்குக் காரணம், அங்கே போவது விசை எண் அல்ல, எழுத்தே. போன் "அ" என்ற எழுத்தை நெட்வொர்க் வழியாக அனுப்புகிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் துணை நிரல் அதை வாங்கி, இந்த யூனிகோடு எழுத்தை இப்போது திறந்திருக்கும் ஜன்னலில் போடு என்று விண்டோஸிடம் கேட்கிறது. கம்ப்யூட்டரில் எந்த விசை அமைப்பு இருந்தாலும் கவலையில்லை.

ஆனாலும் தமிழுக்கு இங்கேயும் ஓர் உரசல் உண்டு. போனில் ஒலிப்பு முறையிலோ ஊகச் சொற்களோடோ அடிக்கும்போது, சொல் முடியும்வரை போன் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். "வ" என்று காட்டியதை அடுத்த நொடியில் "வண்" ஆக்கும், பிறகு "வண" ஆக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் அப்படியே அனுப்பும் ஆப்பில் எழுத்துகள் இரட்டித்தோ பாதியில் அறுந்தோ விழும். இதற்குச் சரியான வழி, வரியை முழுவதும் போனிலேயே எழுதி முடித்துவிட்டு ஒரே தடவையாக அனுப்புவது. KDE Connect என்ற வைஃபை ஆப்பில் அப்படி எழுதி அனுப்பும் பெட்டி இருக்கிறது. அதுவும் ஒத்துவராவிட்டால் போனில் எழுதியதைக் காப்பி செய்து, அதே ஆப்பில் கிளிப்போர்டை அனுப்பும் பொத்தானை அழுத்தி, கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் பின்னணியில் இருக்கும் ஆப்கள் கிளிப்போர்டைப் படிக்க முடியாது என்பதால், போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு அது தானாகப் போகாது. பொத்தானை அழுத்தியே ஆக வேண்டும். நீளமான தமிழ் வரிகளுக்கு நான் நம்புவது இந்தக் கிளிப்போர்டு வழியைத்தான். எழுத்து ஒன்றுகூடச் சிதறாது.

சரி, பாஸ்வேர்டு திரைக்கு வருவோம். துணை நிரல் ஒரு சாதாரண நிரல். நீங்கள் லாகின் செய்த பிறகுதான் அது ஓட ஆரம்பிக்கும். லாகின் செய்யவே அதன் உதவி வேண்டும் என்றால் அங்கே அது இன்னும் இல்லை. ஏற்கெனவே லாகின் செய்து திரையைப் பூட்டி வைத்திருந்தாலும் இதே கதைதான். பூட்டுத் திரை விண்டோஸுக்குள் தனியாக ஒதுக்கப்பட்ட ஓர் இடம், சாதாரண நிரல்களின் கை அங்கே நீளாது. புதிதாக எதையாவது நிறுவும்போது திரை மங்கி, மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று கேட்குமே, அதுவும் அப்படிப்பட்ட இடம்தான்.

இன்னோர் இடத்திலும் இது நிற்கும், பலருக்குக் காரணம் புரியாமல் போவது அங்கேதான். டாஸ்க் மேனேஜரையோ, நிர்வாகி உரிமையோடு திறந்த வேறு எதையாவதோ முன்னால் கொண்டுவந்தால், போனில் எவ்வளவு தேய்த்தாலும் கிளிக் விழாது, சில சமயம் கர்சரே உறைந்துவிடும். குறைந்த உரிமையில் ஓடும் நிரல், அதிக உரிமையில் ஓடும் ஜன்னலுக்குள் பொய்யான விசையையோ கிளிக்கையோ போட விண்டோஸ் அனுமதிக்காது. பிழைச் செய்தியும் எதுவும் வராது, அதனால் வைஃபை அறுந்துவிட்டது என்று நினைத்து ரூட்டரை அணைத்துப் போடுவார்கள். வேறு ஜன்னலுக்கு மாறியதும் கர்சர் மறுபடி ஓடினால் காரணம் இதுதான், வைஃபை அல்ல. இதற்காக அனுமதி கேட்கும் திரையையே அணைத்துவிடச் சொல்லி யோசனை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். கெட்ட நிரல் எதுவும் உங்களுக்குப் பதிலாக "சரி" என்று அழுத்திவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்தத் தடுப்பே இருக்கிறது.

இந்த இடங்களில் எல்லாம் புளூடூத் வேலை செய்யும். கம்ப்யூட்டரின் கண்ணில் அது நிஜக் கீபோர்டு என்பதால் லாகின் திரை, பூட்டுத் திரை, அனுமதி கேட்கும் திரை, டாஸ்க் மேனேஜர் எல்லாவற்றிலும் அதன் விசை செல்லும். அதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. பொதுவாக விண்டோஸோ லினக்ஸோ எழுந்து புளூடூத்தை உயிர்ப்பித்த பிறகுதான் அது வரும். கம்ப்யூட்டர் தொடங்கும் கணத்தில் வரும் பயாஸ் திரையிலோ, வட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் எழும் முன்பே வரும் பின் எண் திரையிலோ அதை எதிர்பார்க்க வேண்டாம்.

புளூடூத் வழிக்கு போனிலும் ஒரு நிபந்தனை உண்டு. ஆப்கள் போனைக் கீபோர்டாகக் காட்டிக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு 9-இல்தான் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிந்தைய போனாக இருந்தும் சில தயாரிப்பாளர்கள் அந்த வசதியை மூடி வைத்திருக்கிறார்கள். அப்படி மூடியிருந்தால் உங்கள் போனில் எந்தப் புளூடூத் ஆப்பும் ஓடாது. உங்களுக்கு ஆங்கிலம் வருகிறது என்றால் உங்கள் போனில் அது திறந்திருக்கிறது, கவலையில்லை. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. புளூடூத் கீபோர்டாகக் காட்டிக்கொள்ள ஆப்களை ஐஓஎஸ் விடுவதில்லை. அவர்களுக்கு வைஃபை வழி மட்டும்தான்.

இணைக்கும்போது அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். பாட்டு கேட்கவோ படம் அனுப்பவோ போனும் கம்ப்யூட்டரும் முன்பே புளூடூத்தில் இணைந்திருக்கும். பிறகு கீபோர்டு ஆப் போட்டால் இணைந்ததாகக் காட்டும், ஆனால் ஒரு விசையும் விழாது. முதல் தடவை இணைந்தபோது அந்தப் போனில் கீபோர்டு இல்லை, கம்ப்யூட்டர் அந்தப் பழைய விவரத்தையே வைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் இணைப்பை நீக்குங்கள். போனில் கீபோர்டு ஆப்பைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு புதிதாக இணையுங்கள். கம்ப்யூட்டரின் புளூடூத் பட்டியலில் இப்போது உங்கள் போன் கீபோர்டாகவோ உள்ளீட்டுச் சாதனமாகவோ தெரிந்தால் சரியாக அமைந்துவிட்டது. இன்னொன்று, ஆப் பின்னணிக்குப் போனதும் அந்தக் கீபோர்டு வேடத்தை ஆண்ட்ராய்டு கலைத்துவிடலாம். நடுவில் ஒரு மெசேஜ் பார்த்துவிட்டுத் திரும்பினால் மறுபடி இணைய ஓரிரு நொடி ஆவது அதனால்தான்.

வைஃபை ஆப்பில் அடிக்கடி வரும் புகார், ஒரே வைஃபையில் இருந்தும் கம்ப்யூட்டர் கண்ணில் படவில்லை என்பது. KDE Connect-ஐ வைத்தே சொல்கிறேன். அது 1714 முதல் 1764 வரையிலான போர்ட்டுகளைப் பயன்படுத்துகிறது, டிசிபி, யுடிபி இரண்டிலும். போன் நெட்வொர்க் முழுவதற்கும் ஓர் அழைப்பு விடும், அதைக் கேட்ட கம்ப்யூட்டர் பதில் சொல்லும். கம்ப்யூட்டரில் கமாண்ட் ஜன்னலைத் திறந்து இதை அடித்தால் அதன் முகவரி கிடைக்கும்:

```
ipconfig
```

IPv4 Address என்ற வரியில் 192.168.1.20 போல இருக்கும் எண்ணை ஆப்பில் கையால் சேர்த்துப் பாருங்கள். இணைந்துவிட்டால் பொது அழைப்பு மட்டும்தான் வழியில் தடுக்கப்படுகிறது, அந்த எண்ணை வைத்தே ஓட்டிக்கொள்ளலாம். அப்படியும் இணையவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். போனில் விபிஎன் ஓடுகிறதா? போனோ கம்ப்யூட்டரோ விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா? விருந்தினர் வைஃபையில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்கக் கூடாது என்பதே பெரும்பாலும் ரூட்டரின் அமைப்பு. மூன்றாவது, விண்டோஸில் இந்த நெட்வொர்க் Public என்று குறிக்கப்பட்டிருக்கிறதா? அப்படி இருந்தால் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். உங்கள் சொந்த வைஃபை என்றால் Private என்று மாற்றிவிடலாம். ஃபயர்வாலையே மொத்தமாக அணைக்கத் தேவையில்லை.

எந்த வைஃபை ஆப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். துணை நிரல் என்பது வெளியிலிருந்து வரும் கட்டளையை ஏற்று உங்கள் கம்ப்யூட்டரில் விசை அழுத்தும் ஒன்று. யாருடைய கட்டளையை ஏற்பது என்று அது சரிபார்க்காவிட்டால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் எவரும் உங்கள் கீபோர்டைத் தொட்டதற்குச் சமம். 2022 இறுதியில் சினாப்சிஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் Lazy Mouse, Telepad, PC Keyboard ஆகிய மூன்று ஆண்ட்ராய்டு ஆப்களில் இப்படிப்பட்ட ஓட்டைகளை வெளியிட்டார்கள். அனுமதி இல்லாதவர் கம்ப்யூட்டரில் தன் கட்டளையை ஓட்ட முடிந்தது, அடிக்கும் விசைகள் மறைக்கப்படாமலே நெட்வொர்க்கில் போயின. ஆகவே முதல் தடவை இணையும்போது கம்ப்யூட்டர் பக்கம் உங்கள் ஒப்புதலைக் கேட்காத ஆப் என்றால் அன்றே நீக்கிவிடுங்கள். KDE Connect இணைப்பை மறையாக்கம் செய்கிறது, இணையும்போது போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரு சரிபார்ப்புக் குறியீட்டைக் காட்டும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

ஆக உங்கள் ஏற்பாட்டுக்கு நான் சொல்வது இது. புளூடூத் ஆப்பை நீக்க வேண்டாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் அதில் பாஸ்வேர்டு அடித்து உள்ளே போங்கள், அனுமதி கேட்கும் திரை வந்தாலும் அதற்கே மாறுங்கள். உள்ளே போனதும் வைஃபை ஆப்பில் மௌஸையும் தமிழையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேடல் பெட்டியில் ஓரிரு சொல் என்றால் நேரடியாக அடிக்கலாம், நீண்ட வரி என்றால் எழுதி அனுப்பும் பெட்டியோ கிளிப்போர்டோ. பயாஸுக்காகவும், புளூடூத் டிரைவர் அப்டேட்டில் கோளாறாகும் நாளுக்காகவும் வயர் வைத்த கீபோர்டு ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.